பலகாரப் பெட்டி விளம்பரம்: எதைப் படத்தில் எழுதுவது, எதைக் கெப்ஷனுக்கு விடுவது

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறேன். அம்மாவும் நானும்தான் ஆட்கள். 2025 தீபாவளிக்கு இன்ஸ்டகிராமில் போட்ட ஒரேயொரு போஸ்ட்டால் 16,500 ரூபாய் கையை விட்டுப் போனது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மயிரிழையில் விலகியது. பலகாரத்தில் எந்தக் குறையும் இல்லை. எந்த விவரம் படத்தில் இருந்தது, எது கீழே கெப்ஷனில் இருந்தது என்பதில்தான் எல்லாம் வந்தது. இதை முன்கூட்டியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு கிழமை நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போஸ்ட்டைச் செய்து தந்தவர் காசு வாங்கிக்கொண்டு டிசைன் செய்யும் ஒரு தம்பி. எட்டு ஸ்லைட். முதலாவதில் விளக்கு வெளிச்சத்தில் மூடிய பெட்டி. அடுத்தடுத்து முறுக்கு, பயத்தம் உருண்டை, எள்ளுருண்டை, மிக்சர் என்று ஒவ்வொன்றும் ஒரு முழுப் படம். ஏழாவதில் திறந்த பெட்டி, அதன் மேலேயே உள்ளே இருப்பவற்றின் பட்டியலும் பெரிய எழுத்தில் 2,800 ரூபாயும். எட்டாவதில் நன்றி. “படம் கிளீனாக இருக்கவேணும் அக்கா, மிச்ச விவரம் எல்லாம் கெப்ஷனில போடுவம்” என்றார். பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. கடைசித் திகதி, டிலிவரி செய்யும் இடங்கள், சேர்மானங்கள், ஓடர் செய்யும் முறை எல்லாம் கெப்ஷனுக்குப் போயின. அந்தக் கெப்ஷன் நான் யோசித்து யோசித்து எழுதியது. ஒரு விவரமும் விடுபடவில்லை.

முதல் அடி எண்ணெயில் வந்தது. போஸ்ட் போட்டு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எண்ணெய் தருகிறவர் விலையை ஏற்றினார், கஜுவும் ஏறியது. கணக்குப் பார்த்தால் 3,100க்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. கெப்ஷனை எப்போதும் திருத்தலாம்; திருத்தினேன், மேல் வரியிலேயே புதிய விலையைப் போட்டேன். ஆனால் படத்தைத் திருத்த முடியாது. பல ஸ்லைட் உள்ள போஸ்ட்டில் ஒரு ஸ்லைட்டை அகற்றலாம். அதே இடத்தில் வேறொரு படத்தை வைக்க வழியில்லை. ஏழாவது ஸ்லைட்டை எடுத்தால் விலையோடு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் போய்விடும். எடுக்காவிட்டால் படம் 2,800 என்கிறது, கெப்ஷன் 3,100 என்கிறது. முழுப் போஸ்ட்டையும் அழித்துப் புதிதாகப் போட்டால் கீழே வந்த கேள்விகளும் பதில்களும், சேமித்து வைத்தவர்களும் எல்லாம் போய்விடும். விட்டுவிட்டேன்.

அதற்குள் அந்த ஏழாவது ஸ்லைட் ஸ்க்ரீன்ஷொட்டாக வட்ஸ்அப்பில் ஓடத் தொடங்கியிருந்தது. கொழும்பில் தமிழ்ச் சனத்துக்குள் ஒரு விஷயம் எப்படிப் பரவும் என்று தெரியும்தானே. ஒரு மாடிக் குடியிருப்பின் குழுவில் போட்டால் போதும், அங்கிருந்து பழைய மாணவர் குழு, கோயில் குழு, சொந்தக்காரர் குழு என்று போய்விடும். போவது அந்த ஒரு படம் மட்டும்தான். கெப்ஷன் கூடப் போகாது. ஒருவர் ஸ்டோரியில் பகிர்ந்தாலும் அப்படித்தான்: திரையில் நிற்பது படம், கெப்ஷனை வாசிக்க வேண்டுமானால் அதைத் தட்டி உள்ளே வர வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த ஸ்க்ரீன்ஷொட்டுக்குத் தட்டுவதற்கு இடமே இல்லை. “அக்கா, படத்தில 2,800 எண்டுதானே போட்டிருக்கு?” என்று கேட்டவர்களோடு எப்படி வாதாடுவது? அவர்கள் பார்த்தது அதைத்தான். 23 பெட்டிகளைப் பழைய விலைக்கே கொடுத்தேன். 6,900 ரூபாய்.

அன்று இரவு எனக்குப் பிடிபட்டது இதுதான். ஸ்லைட் ஊர் சுற்றும், ஆனால் மாற்ற முடியாது. கெப்ஷனை நினைத்த நேரம் மாற்றலாம், ஆனால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு விவரத்தையும் இந்த இரண்டோடும் ஒட்டிப் பார்த்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும். அந்தத் தம்பி பார்த்தது எது அழகு என்று. அவர் தொழில் அது. எனக்கு வேண்டியிருந்தது வேறு.

விலையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வருடம் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. ஓடர் எடுக்கும் கடைசி நாள் 13 என்று கெப்ஷனில் தெளிவாக இருந்தது. 15ஆம், 16ஆம் திகதிகளிலும் ஸ்க்ரீன்ஷொட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். சிலர் கேட்கவே இல்லை; முதலில் ஓடர் செய்த ஒருவரிடம் என் வங்கிக் கணக்கு இலக்கத்தை வாங்கிப் பணத்தைப் போட்டுவிட்டு ஸ்லிப்பை அனுப்பினார்கள். வத்தளையில் ஒரு குடும்பம், கொட்டாஞ்சேனையில் இரண்டு குடும்பம். கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரைதான் டிலிவரி என்பதும் அந்தக் கெப்ஷனுக்குள்தான் இருந்தது. பண்டிகை நேரத்தில் காசைத் திருப்பி அனுப்பி “இல்லை” என்று சொல்ல மனம் வரவில்லை. அம்மாவை மீண்டும் மாக்குழைக்க வைத்து, வாகனத்துக்குக் கைக்காசு 4,000 கொடுத்து அனுப்பினேன். அந்த இரண்டு நாளும் அம்மாவோடு காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. இரண்டு பெட்டி ஓடர் செய்திருந்த ஒரு அம்மா மகளோடு வாசலில் நின்றார். பிள்ளைக்கு ஆறேழு வயது இருக்கும். பெட்டியை வாங்கிக்கொண்டு படியில் இறங்கப் போனவர், சும்மா ஒரு பேச்சுக்கு, “இவவுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, மிக்சர் குடுக்கமாட்டன், முறுக்கு மட்டும்தான்” என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மிக்சருக்குக் கச்சான் பொரித்த அதே எண்ணெயில்தான் முறுக்கையும் போட்டெடுத்திருந்தோம். வீட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், எண்ணெய் விற்கும் விலைக்கு வேறென்ன செய்வது. அது கெப்ஷனில் இருந்தது: “கச்சான், கஜு, எள்ளு, பால், கோதுமை சேர்கின்றன. எல்லாம் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுகின்றன.” அவருக்கு அது கிடைக்கவே இல்லை. தங்கை அனுப்பிய ஸ்க்ரீன்ஷொட்டை மட்டும்தான் பார்த்திருந்தார். போனை எடுத்துக் காட்டினார். திறந்த பெட்டியும், பட்டியலும், 2,800ம். அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் முறுக்கில் கச்சான் இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். பெட்டிகளைத் திருப்பி வாங்கி 5,600 ரூபாயையும் கையிலேயே கொடுத்தேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் அழுதேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து இரண்டு கேள்விகள் கேட்கிறேன். ஒன்று, இந்தப் படம் தனியாகப் போய், இந்த விவரம் கூடப் போகாவிட்டால் யாருக்கு என்ன நடக்கும்? இரண்டு, போஸ்ட் உயிரோடு இருக்கும் நாட்களுக்குள் இது மாறுமா? ஒவ்வாமை முதல் கேள்வியில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது, அதோடு மாறவும் மாறாது. ஆகவே அது ஸ்லைட்டில்தான் இருக்க வேண்டும், அதுவும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அதே ஸ்லைட்டில். தனி ஸ்லைட்டாக வைத்தால் பட்டியல் ஸ்லைட்டை மட்டும் வெட்டி அனுப்புவார்கள், எச்சரிக்கை பின்தங்கிவிடும். எவ்வளவு பெட்டி மிச்சம் இருக்கிறது என்பது நேர்மாறு. அது மணிக்கு மணி மாறும், தெரியாமல் போனாலும் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. கெப்ஷன்தான் அதற்கு இடம்.

கஷ்டம் தருவது இரண்டு கேள்விக்கும் “ஆம்” என்று வரும் விவரங்கள். விலையும் கடைசித் திகதியும் அந்த வகை. கூடப் போகாவிட்டாலும் சிக்கல், மாறினாலும் சிக்கல். இதற்கு நான் கண்ட வழி, ஸ்லைட்டில் எழுதுவதை மாற்றமாட்டேன் என்ற நிலைக்கு முதலில் வந்துவிடுவது. இப்போது எண்ணெய், உழுந்து, பயறு, கஜு எல்லாவற்றையும் வாங்கிப் போட்ட பிறகுதான் விலை ஸ்லைட்டைச் செய்விக்கிறேன். காசு முன்னதாகவே முடங்குகிறது, உண்மை. ஆனால் படத்தில் இருக்கும் விலையை நான் காப்பாற்ற முடியும். விலையோடு அது எதுவரை செல்லும் என்ற திகதியையும் ஒரே வரியில் எழுதுகிறேன், ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும்படி. விலைக்குத் தனி ஸ்லைட் ஒன்று வைப்பதும் முக்கியம். ஏதாவது தலைகீழானால் அந்த ஒன்றை மட்டும் அகற்றலாம், மற்றவை குலையாமல் நிற்கும்.

இரண்டிலும் சேராத விவரங்களும் இருக்கின்றன என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். வங்கிக் கணக்கு இலக்கம் ஸ்லைட்டிலும் வரக்கூடாது, கெப்ஷனிலும் வரக்கூடாது. ஸ்லைட்டில் இருந்தால் கேட்காமலே பணம் போடுவார்கள். இலக்கத்தை மாற்றிவிட்டு அதே படத்தை வேறொருவர் பரப்பவும் முடியும். வீட்டு விலாசமும் அப்படித்தான். பெண்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டின் இலக்கம் எத்தனை குழுவில் கிடக்கிறது என்று தெரியாமல் இருப்பது நல்லதல்ல. “வெள்ளவத்தை, கொழும்பு 06” என்பது ஸ்லைட்டுக்குப் போதும். ஓடரை உறுதிசெய்த பிறகு கணக்கு இலக்கத்தையும் விலாசத்தையும் வட்ஸ்அப்பில் நானே அனுப்புகிறேன், “வேறு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டாம், அவர்களை என்னோடு பேசச் சொல்லுங்கள்” என்ற வரியோடு.

2026 தைப்பொங்கலுக்கு இதை வைத்துப் புதிதாகச் செய்தோம். அதே தம்பிதான் செய்து தந்தார். காரணத்தைச் சொன்னதும் உடனே விளங்கிக்கொண்டார். எட்டு ஸ்லைட் ஐந்தாகியது. இருபது வரை போட இன்ஸ்டகிராம் விடுகிறதுதான், ஆனால் பலகாரப் பெட்டிக்கு ஐந்துக்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. முதலாவதில் பெட்டியின் படமும் நாலே விவரங்களும்: தைப்பொங்கல் பலகாரப் பெட்டி, வெள்ளவத்தை, கடைசி ஓடர் ஜனவரி 8 வியாழன், அதோடு 2026 என்ற வருடம். வருடம் எதற்கு என்று அம்மா கேட்டார். அடுத்த வருடம் யாராவது கேலரியில் தேடி எடுத்து அனுப்பும்போது தெரியும். கிழமையைச் சேர்த்து எழுதினால் ஆட்கள் திகதியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது ஸ்லைட்டில் உள்ளே இருப்பவை எண்ணிக்கையோடு, அதன் அடியில் பட்டையாக ஒவ்வாமை விவரம்: கச்சான், கஜு, எள்ளு, பால், கோதுமை உண்டு, எல்லாம் ஒரே எண்ணெய். அந்த ஒரு பட்டையை மட்டும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போட்டோம், ஏனென்றால் எங்கள் பெட்டி பக்கத்து வீட்டு சிங்களக் குடும்பத்துக்கும் அலுவலக நண்பர்களுக்கும் பரிசாகப் போகிறது. இந்த ஸ்லைட் இரண்டாவதாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் ஸ்லைட்டைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனவர்களுக்கு இன்ஸ்டகிராம் அதே போஸ்ட்டைப் பிறகு இரண்டாவது ஸ்லைட்டிலிருந்து காட்டுவதுண்டு. ஆகவே இரண்டாவது தனியாக நின்றாலும் அர்த்தம் சொல்ல வேண்டும். “தொடர்ச்சி” போல இருக்கக்கூடாது. மூன்றாவது ஸ்லைட் முறுக்கைக் கிட்டத்தில் எடுத்த படம், எழுத்தே இல்லை. கண்ணுக்கும் ஏதாவது வேண்டும்தானே. நாலாவது விலை: “3,100 ரூபாய். ஜனவரி 8 வரை. கொழும்பு 03 முதல் 06 வரை டிலிவரி, மற்றவர்கள் ஜனவரி 13, 14இல் நேரில் எடுக்கலாம்.” ஐந்தாவதில் ஓடர் செய்யும் முறை, வட்ஸ்அப் இலக்கம், “பணம் போட முன் கேளுங்கள்” என்ற ஒரு வரி. இந்த வரியை விலை ஸ்லைட்டிலும் சின்னதாகத் திரும்பப் போட்டோம். ஒரே விவரம் இரண்டு ஸ்லைட்டில் வருவது டிசைனுக்குக் குறை என்று தம்பி நினைத்தார். எனக்கு அது வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

கெப்ஷனில் முதல் வரிதான் உயிர். ஃபீடில் ஏறக்குறைய 125 எழுத்துக்குப் பிறகு மறைந்துவிடும், தட்டினால்தான் மிச்சம் விரியும். தமிழில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும்: கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுவதால் நமக்கு இடம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முழுக் கெப்ஷனுக்கும் 2,200 என்ற எல்லை உண்டு, மூன்று மொழியில் எழுதினால் அதையும் தொட்டுவிடலாம். ஆகவே “தீபத் திருநாள் நல்வாழ்த்துகள் அன்பு உறவுகளே” என்று தொடங்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். முதல் வரியில் என்ன, எங்கே, எதுவரை. அதன் கீழே மாறுகிறவை, திகதியும் நேரமும் போட்டு: “ஜனவரி 5 மாலை 4 மணி: இன்னும் 12 பெட்டிக்கு இடம் உண்டு.” புதிய வரியை எப்போதும் பழையதன் மேல் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நிதானமாக வாசிக்கிறவர்களுக்கானது: ஒவ்வொரு பலகாரத்தின் சேர்மானங்கள், எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம், டிலிவரிக் காசு எந்தப் பகுதிக்கு எவ்வளவு, ஓடரை ரத்துச் செய்தால் என்ன நடக்கும். தேடுகிறவர்களுக்கு அகப்படுவதும் கெப்ஷனில் தட்டச்சான சொற்கள்தான். ஆகவே “வெள்ளவத்தை”, “பயத்தம் உருண்டை”, “பலகாரம்” போன்றவை அங்கே கட்டாயம் இருக்க வேண்டும், படத்தில் இருந்தாலும்.

லிங்க் விஷயத்தில் ஒரு குறிப்பு. கெப்ஷனில் போடும் லிங்க்கைத் தட்டினால் திறக்காது. எவ்வளவு பேர் அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்யப் போகிறார்கள்? வட்ஸ்அப் லிங்க்கை முகப்புப் பக்கத்து பயோவில் போட்டு வையுங்கள். அதன் வடிவம் wa.me/94 என்று தொடங்கி, உங்கள் இலக்கத்தின் முன்னால் இருக்கும் பூச்சியத்தை விட்டுவிட்டு மிச்சம். ஸ்லைட்டில் இலக்கத்தை இடைவெளி விட்டுப் பெரிதாக எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷொட்டைப் பார்க்கிறவருக்கு அதைவிட்டால் உங்களைப் பிடிக்க வேறு வழியில்லை.

எழுத்தின் அளவைக் கணினித் திரையில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். தம்பி அனுப்பிய முதல் வரைவில் ஒவ்வாமைப் பட்டை பளிச்சென்றுதான் இருந்தது. நான் அதை வட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்பி, அவள் அம்மாவுக்கு அனுப்பி, அம்மாவை அவருடைய போனில் கண்ணாடி போடாமல் வாசிக்கச் சொன்னேன். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சிறிய தமிழ் எழுத்தில் முதலில் மங்குவது புள்ளி. அம்மா “எள்ளு” என்பதில் தடுமாறினார். 1080க்கு 1350 அளவுப் படத்தில் எழுத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கிய பிறகுதான் தடங்கலில்லாமல் வாசித்தார். அந்தப் பட்டை அதன் பிறகு ஒரு வரியிலிருந்து இரண்டு வரியானது, பெட்டிப் படம் கொஞ்சம் சிறுத்தது. பட்டையை வாசிக்க முடிந்தால் அது பரவாயில்லை. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல் ஏதாவது ஒரு விவரத்தைக் கெப்ஷனுக்கு அனுப்புங்கள். அப்படித்தான் எங்கள் டிலிவரிக் கட்டணப் பட்டியல் ஸ்லைட்டிலிருந்து கீழே இறங்கியது.

பொங்கலுக்கும் ஸ்க்ரீன்ஷொட்டோடு ஆட்கள் வந்தார்கள். இந்த முறை விலை பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசித் திகதிக்குப் பிறகு வந்தவர்களிடம் படத்திலேயே இருப்பதைக் காட்டியதும் சரி என்று விட்டுவிட்டார்கள். பணம் முன்னாலேயே போட்டவர் ஒருவர் இருந்தார், அவருக்குத் திருப்பி அனுப்பினேன். இன்னொரு வீட்டுக்காரர் பட்டையைப் பார்த்துவிட்டு, கஜு சேராமல் ஒரு பெட்டி செய்ய முடியுமா என்று ஓடருக்கு முன்னாலேயே கேட்டார். ஒரே எண்ணெய் என்பதால் முடியாது என்று சொன்னேன்.

ஓடர் முடிந்த இரவே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. ஜனவரி 8 இரவு விலை ஸ்லைட்டை அகற்றினேன், கெப்ஷனின் முதல் வரியை “ஓடர் முடிந்தது” என்று மாற்றினேன், அதன் கீழே அடுத்து எந்தப் பண்டிகைக்கு எடுப்போம் என்று எழுதினேன். போஸ்ட்டை அழிக்கவில்லை, பழைய படத்தைப் பார்த்து எங்கள் பக்கத்தைத் தேடி வருகிறவருக்குப் பதில் சொல்ல அது அங்கே இருக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கான ஸ்லைட்டுகளை எண்ணெய் வாங்கிய பிறகு தொடங்குவோம்.